படத்தை எங்கே வெட்டுவது?

ஹஸ்கி நாய் ஒன்றின் புகைப்படம். அகலம் 500 பிக்சல், உயரம் 375 பிக்சல். நாய் படத்தின் இடது பாதியில், முகத்தை இடப்பக்க ஓரத்தை நோக்கித் திருப்பிக்கொண்டு நிற்கிறது. வலது பாதி முழுக்கப் பனி. இதையும் இதுபோன்ற லட்சக்கணக்கான படங்களையும் காட்டி, நாய் இனங்களைப் பிரித்தறிய ஒரு கணினி மாடலைப் பழக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழக்குகிறவருக்கு முதலிலேயே ஒரு சிக்கல் வருகிறது. படங்கள் பல அளவுகளில் இருக்கின்றன. மாடலுக்கோ ஒரே நேரத்தில் பல படங்களை ஒன்றாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு எல்லாம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். வழக்கமான அளவு 224-க்கு 224 என்ற சதுரம்.

செவ்வகப் படத்தை அப்படியே சதுரத்துக்குள் அமுக்கினால் நாய் ஒல்லியாகிவிடும். அதனால் பெரும்பாலானோர் வெட்டுகிறார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

முதல் வழி சென்டர் கிராப். படத்தின் சிறிய பக்கம் 256 பிக்சல் ஆகும்வரை படத்தைச் சுருக்கி, நடுவிலிருந்து 224 பிக்சல் சதுரத்தை வெட்டி எடுப்பார்கள். நம் ஹஸ்கி படத்தில் இது என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூலப் படத்தின் அளவில் சொன்னால், நடுவில் 328 பிக்சல் சதுரம் மிஞ்சுகிறது. இடமும் வலமும் 86 பிக்சல் வீதம் போய்விடுகின்றன. மேலும் கீழும் கொஞ்சம் போகிறது. மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 43 சதவீதம் குப்பைக்கு. நாயின் மூக்கும் வாயும் அந்த இடது 86 பிக்சலுக்குள் இருந்தால் அவையும் போய்விட்டன. மாடல் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் மூக்கில்லாத நாயைத்தான் பார்க்கும். ஏனென்றால் வெட்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விழுகிறது.

இரண்டாவது வழி ரேண்டம் கிராப். இதில் வெட்டும் இடத்தைக் கணினி ஒவ்வொரு முறையும் குலுக்கல் போட்டு எடுக்கிறது. பயிற்சியின்போது மொத்தப் படத்தொகுப்பையும் மாடலுக்கு ஒருமுறை காட்டி முடிப்பதை ஒரு சுற்று என்பார்கள். 90 சுற்று பயிற்சி என்பது இத்துறையில் சாதாரணம். சென்டர் கிராப்பில் அந்த 90 சுற்றிலும் ஒரே துண்டு. ரேண்டம் கிராப்பில் 90 வெவ்வேறு துண்டுகள். ஒன்றில் முகம் மட்டும், ஒன்றில் உடலும் வாலும், ஒன்றில் நாய் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். நாய் எந்த இடத்தில், எந்த அளவில் இருந்தாலும் அது ஹஸ்கிதான் என்பதை மாடல் இப்படித்தான் கற்கிறது. ஒரே துண்டை 90 முறை காட்டினால், வினா விடைகளை மனப்பாடம் செய்த மாணவனைப்போல அந்தத் துண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு புதிய படத்தில் தடுமாறும். இந்த நோய்க்கு ஓவர்ஃபிட்டிங் என்று பெயர்.

இதன் பலன் ஊரறியத் தெரிந்தது 2012-இல். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும் உருவாக்கிய மாடல், அந்த ஆண்டின் இமேஜ்நெட் போட்டியில் மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. பயிற்சிக்கு அவர்களிடம் இருந்தவை சுமார் 12 லட்சம் படங்கள். மாடலுக்குள் சரிசெய்ய வேண்டிய எண்களோ 6 கோடி. அவ்வளவு பெரிய மாடல் 12 லட்சம் படங்களையும் எளிதாக மனப்பாடம் செய்துவிடும். அவர்கள் இரண்டு வெட்டுகளையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். முதலில் எல்லாப் படங்களையும் நடுவில் வெட்டி 256 பிக்சல் சதுரமாக்கினார்கள். பயிற்சியின்போது அதற்குள்ளிருந்து 224 பிக்சல் சதுரம் ஒன்றைக் குலுக்கலில் எடுத்தார்கள். சிலவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றினார்கள். அவர்கள் கணக்குப்படி இதனால் தரவு 2048 மடங்கு பெருகியது. இது இல்லாவிட்டால் ஓவர்ஃபிட்டிங் கடுமையாக இருந்திருக்கும், மாடலையே சிறிதாக்க வேண்டி வந்திருக்கும் என்று தங்கள் கட்டுரையில் எழுதினார்கள்.

அதன்பின் கூகுளின் கூக்லெநெட் குழு இன்னும் துணிந்தது. நடுச்சதுரத்தோடு நிற்காமல் முழுப் படத்திலிருந்தும் வெட்டினார்கள். துண்டின் இடம் மட்டுமல்ல, அளவும் குலுக்கலில் தீர்மானிக்கப்பட்டது: படத்தின் பரப்பில் 8 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். வெட்டிய துண்டை 224 பிக்சலுக்குப் பெரிதாக்கியோ சுருக்கியோ மாடலுக்குக் கொடுத்தார்கள். இன்று பைடார்ச் மென்பொருளில் பயிற்சிக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று பலரும் எழுதும் வரிகள் இவைதான்:

```
train = Compose([RandomResizedCrop(224),
                 RandomHorizontalFlip(), ToTensor()])
test = Compose([Resize(256),
                CenterCrop(224), ToTensor()])
```

பயிற்சிக்கு ரேண்டம், சோதனைக்கு சென்டர். ஏன் இந்தப் பாகுபாடு? சோதனை என்பது அளவுகோல், அது ஆடக்கூடாது. இன்றைக்குச் சோதித்தாலும் நாளைக்குச் சோதித்தாலும் அதே மாடலுக்கு அதே மதிப்பெண் வர வேண்டும். நடுவெட்டு அதைத் தருகிறது. படம் எடுக்கிறவர்கள் முக்கியமான பொருளை நடுவை ஒட்டியே வைப்பது வழக்கம் என்பதால், நடுவெட்டில் பொருள் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஒரே மாடலை இரண்டு முறை சோதித்து இரண்டு வெவ்வேறு மதிப்பெண் வந்தால், சோதனை வரியில் தவறுதலாக ரேண்டம் கிராப் நுழைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு குழப்பமும் புதியவர்களுக்கு வரும்: பயிற்சி மதிப்பெண்ணைவிடச் சோதனை மதிப்பெண் அதிகமாக இருக்கும். அதில் பெரும்பாலும் பிழை இல்லை. பயிற்சியில் மாடலுக்குக் கிடைப்பவை கடினமான துண்டுகள். சோதனையில் கிடைப்பது பொருள் பெரும்பாலும் தெரியும் நடுவெட்டு.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பொருத்தமின்மை ஒளிந்திருந்தது. ஹஸ்கியின் தலை மூலப் படத்தில் 100 பிக்சல் அகலம் என்று கொள்வோம். சோதனையில் படம் சுருங்குவதால் தலை 68 பிக்சல் ஆகிறது. பயிற்சியில் 8 சதவீதத் துண்டு விழுந்தால், சுமார் 122 பிக்சல் சதுரம் 224-ஆக ஊதப்படுகிறது. தலை 183 பிக்சல் ஆகிவிடும். எல்லாத் துண்டுகளுக்கும் சராசரி பார்த்தாலும் 80-ஐத் தாண்டும். அதாவது மாடல் பெரிய நாய்களைப் பார்த்துப் பழகுகிறது. தேர்வில் சிறிய நாய்களைச் சந்திக்கிறது. ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் ஹ்யூகோ டூவ்ரோனும் உடன் பணியாற்றியவர்களும் 2019-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்ன மருந்து எளியது: சோதிக்கும்போது படத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கொடுங்கள். 224-க்குப் பதில் 288 பிக்சலில், அதே விகிதத்தில் சோதித்தால், நம் ஹஸ்கியின் தலை சுமார் 88 பிக்சலாகி, பயிற்சியில் பழகிய அளவுக்கு அருகே வந்துவிடும். மாடலை மீண்டும் பழக்காமலேயே மதிப்பெண் உயர்ந்தது. கடைசி அடுக்குகளை மட்டும் புதிய அளவுக்குச் சிறிது பழக்கியபோது இன்னும் உயர்ந்தது.

ரேண்டம் கிராப்புக்கும் ஒரு விலை உண்டு. நம் படத்தின் வலது பாதியில் வெட்டு விழுந்தால் துண்டில் பனி மட்டும்தான் இருக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிளோ 'ஹஸ்கி'. மாடலுக்கு அந்தச் சுற்றில் நாம் சொல்லிக்கொடுப்பது பனிதான் ஹஸ்கி என்று. லட்சக்கணக்கான படங்களும் ஆயிரம் வகைகளும் இருக்கும் இடத்தில் இந்தப் பொய்கள் ஓரளவு கரைந்துபோகின்றன. சிறிய தொகுப்பில் கரைவதில்லை. துணி ஆலையில் நெசவுப் பிழையைக் கண்டுபிடிக்கும் மாடலை எண்ணிப் பாருங்கள். பிழை ஒரு மூலையில் விரல் நக அளவு. படத்தின் லேபிள் 'பிழையுள்ளது'. ரேண்டம் துண்டுகளில் பெரும்பாலானவை நல்ல துணியாகவே இருக்கும். நல்ல துணியைக் காட்டிப் பிழை என்று சொல்லித்தந்தால் மாடல் எதைக் கற்கும்? சென்டர் கிராப்பும் இங்கே உதவாது. மூலைப் பிழையை அது எப்போதுமே தூக்கி எறிந்துவிடும். இத்தகைய வேலைகளுக்குப் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி லேபிள் கொடுப்பதே சரி. முகமோ முழு உருவமோ தெரிந்தாக வேண்டிய வேலைகளில், 8 சதவீதம் என்ற கீழ்வரம்பை 50 சதவீதம் போன்ற அளவுக்கு உயர்த்திப் பார்ப்பது நல்லது.

படத்தை அடையாளம் காணும் மாடலில் வெட்டின் தவறு மதிப்பெண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். படத்தை வரையும் மாடலில் அது கண்ணுக்கு நேராகவே தெரியும். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முந்தைய பதிப்புகளிடம் பூனை கேட்டால் சில சமயம் தலை வெட்டுப்பட்ட பூனை வந்தது. மாடலைக் குறைசொல்லிப் பயனில்லை. வெட்டுப்பட்ட படங்களைக் காட்டிப் பழக்கியதால், உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று அது கற்றிருந்தது. 2023-இல் வந்த எஸ்டிஎக்ஸ்எல் பதிப்பில் ஸ்டேபிலிட்டி ஏஐ குழு வெட்டுவதை நிறுத்தவில்லை. பயிற்சியின்போது மேலிருந்து எத்தனை பிக்சல், இடமிருந்து எத்தனை பிக்சல் வெட்டப்பட்டது என்ற இரண்டு எண்களையும் படத்தோடு சேர்த்து மாடலுக்குக் கொடுத்தார்கள். வரையச் சொல்லும்போது இரண்டு எண்களையும் சுழியம் என்று வைத்தால், வெட்டுப்படாத படத்தை வரை என்று பொருள். தலைகள் பெரும்பாலும் திரும்பி வந்தன.

ஆக, எந்த வெட்டு நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. லேபிள் படம் முழுக்கப் பரவியிருந்தால் பயிற்சிக்கு ரேண்டம், சோதனைக்கு சென்டர். லேபிளுக்குக் காரணமான பொருள் ஒரு மூலையில் சிறிதாக இருந்தால் இரண்டுமே ஆபத்து. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பயிற்சியைத் தொடங்குவதற்கு முன், வெட்டிய துண்டுகளில் ஒரு நூறை லேபிளோடு திரையில் போட்டு, மூலப் படத்தைப் பார்க்காமல் நீங்களே பெயர் சொல்லிப் பாருங்கள். உங்களால் சொல்ல முடியாத துண்டுகள் நிறைய இருந்தால், மாடலை மாற்றுவதற்கு முன் வெட்டை மாற்றுங்கள்.