ஒரே டோக்கன், இரண்டு கோரிக்கைகள்: செயலி ஏன் திடீரென வெளியே தள்ளுகிறது?

கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. லாக்-அவுட் பட்டனை யாரும் தொடவில்லை. இரவு பார்த்துவிட்டு வைத்த செயலியைக் காலையில் திறந்தால், முகப்புப் பக்கம் ஒரு நொடி மின்னி மறைகிறது. அடுத்த கணம் கைபேசி எண்ணைக் கேட்கும் திரை வந்து நிற்கிறது. ஓடிபி வாங்கி உள்ளே போனால் நாலைந்து நாள் ஒழுங்காக ஓடும். பிறகு மறுபடியும் அதே கதை. புகார் கொடுத்தால், "எங்கள் கைபேசியில் சரியாகத்தானே இருக்கிறது" என்று பதில் வருகிறது. இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. இத்தகைய திடீர் லாக்-அவுட்களுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் அடிக்கடி தென்படுவதும், கண்டுபிடிக்கச் சிரமமானதும் ஒன்று உண்டு: செயலியின் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனைப் பயன்படுத்த முயல்வது.

லாக்-இன் செய்ததும் சர்வர் செயலிக்கு இரண்டு டோக்கன்களைக் கொடுக்கிறது. முதலாவது ஆக்சஸ் டோக்கன். செயலி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அது போகும். ஆயுள் குறைவு, பல செயலிகளில் 15 நிமிடமோ ஒரு மணி நேரமோதான். இரண்டாவது ரெஃப்ரெஷ் டோக்கன். அது நாள்கணக்கில், மாதக்கணக்கில் வாழும். ஆக்சஸ் டோக்கன் காலாவதியானதும் அதற்குப் பதில் புதியது வாங்குவது மட்டுமே இதன் வேலை. தினமும் கடவுச்சொல் கேட்காமல் செயலி நம்மை அடையாளம் வைத்திருப்பது இந்த இரண்டாவது டோக்கனால்தான். 2012 அக்டோபரில் வெளிவந்த ஓஆத் 2.0 தர ஆவணம் இந்த ஏற்பாட்டை விவரிக்கிறது. இன்று பெரும்பாலான செயலிகள் இதையோ இதன் சாயலையோதான் பின்பற்றுகின்றன.

நீண்ட காலம் வாழும் டோக்கன் திருடு போனால் என்ன செய்வது? அதற்காக வந்த வழக்கம்தான் சுழற்சி. ரெஃப்ரெஷ் டோக்கனை ஒருமுறை கொடுத்து ஆக்சஸ் டோக்கன் வாங்கினால், சர்வர் பழைய ரெஃப்ரெஷ் டோக்கனைச் செல்லாததாக்கிவிட்டுப் புதிய ஒன்றையும் சேர்த்துத் தரும். செல்லாமல் போன டோக்கன் மீண்டும் ஒருமுறை வந்தால் சர்வர் ஒரு முடிவுக்கு வருகிறது: இந்த டோக்கன் இரண்டு கைகளில் இருக்கிறது. அதில் ஒன்று திருடனின் கை. கோயில் வாசல் செருப்புக் கடையில் ஒரே எண்ணுள்ள டோக்கனை இரண்டு பேர் நீட்டினால், யார் உரியவர் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? சர்வருக்கும் தெரியாது. எனவே அந்த லாக்-இன்னிலிருந்து பிறந்த ரெஃப்ரெஷ் டோக்கன்கள் அனைத்தையும், கடைசியாகக் கொடுத்த புதியது உட்பட, ரத்து செய்துவிடுகிறது. உரியவர் மறுபடி லாக்-இன் செய்துகொள்ளலாம், திருடனால் முடியாது.

இது நல்ல பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. 2025 ஜனவரியில் வெளியான ஓஆத் பாதுகாப்பு வழிகாட்டி (ஆர்எஃப்சி 9700), ரகசியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இயலாத கைபேசிச் செயலி போன்றவற்றுக்கு இரண்டில் ஒன்றைக் கட்டாயமாக்குகிறது: ரெஃப்ரெஷ் டோக்கனை அந்தக் குறிப்பிட்ட செயலியோடு பிணைத்து வைக்க வேண்டும், அல்லது சுழற்சி முறையைப் பயன்படுத்த வேண்டும். சிக்கல், செயலி தன்னைத் தானே திருடன்போல் காட்டிக்கொள்ளும்போதுதான் வருகிறது.

மளிகைப் பொருள் வாங்கும் ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆக்சஸ் டோக்கனின் ஆயுள் 15 நிமிடம். வாடிக்கையாளர் அதை 20 நிமிடம் கழித்துத் திறக்கிறார். முகப்புத் திரை எழும்போதே இரண்டு கோரிக்கைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன: ஒன்று கூடையில் உள்ள பொருள்களுக்கு, மற்றொன்று ஆர்டர்களின் நிலவரத்துக்கு. இரண்டும் காலாவதியான ஆக்சஸ் டோக்கனோடு போகின்றன. 120 மில்லிநொடியில் முதல் கோரிக்கைக்கு `401` என்ற மறுப்பு வருகிறது. 135-இல் இரண்டாவதற்கும் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் கைபேசியில் சேமித்த அதே ரெஃப்ரெஷ் டோக்கனை எடுக்கின்றன. அதற்கு R1 என்று பெயர் வைப்போம். R1 இரண்டு முறை சர்வருக்குக் கிளம்புகிறது.

முதலாவது போய்ச் சேருகிறது. சர்வர் R1-ஐச் செல்லாததாக்கி, புதிய ஆக்சஸ் டோக்கனையும் R2-வையும் அனுப்புகிறது. 15 மில்லிநொடி கழித்து R1 மறுபடி வந்து நிற்கிறது. சர்வர் பார்வையில் இது திருட்டு. R2-வும் அப்போதே ரத்து. இரண்டாவது கோரிக்கைக்கு `invalid_grant` என்ற பிழை திரும்புகிறது. அந்தப் பிழை வந்தால் சேமித்த எல்லாவற்றையும் அழித்து லாக்-இன் திரைக்குப் போ என்றுதான் செயலியில் எழுதியிருக்கும். வாடிக்கையாளர் வெளியே நிற்கிறார்.

இதைவிடக் குழப்பமான ஒரு வகையும் உண்டு. இரண்டாவது கோரிக்கையின் பிழையைச் செயலி பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது என்று வையுங்கள். முதல் கோரிக்கை கொண்டுவந்த புதிய ஆக்சஸ் டோக்கன் கையில் இருக்கிறது. பல அமைப்புகளில் ஆக்சஸ் டோக்கன் தன் செல்லுபடிக் காலத்தைத் தனக்குள்ளேயே கையெழுத்தோடு சுமந்து வருவதால், சர்வர் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே எல்லாம் நன்றாக ஓடுகிறது. 15 நிமிடம் முடிந்து செயலி R2-வை நீட்டும்போதுதான் அது எப்போதோ செத்துப்போனது தெரிகிறது. வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பக்கத்தில் இருக்கும்போது லாக்-அவுட் ஆகிறார். காரணம் கால்மணி நேரத்துக்கு முன்பு நடந்தது. பொறியாளர்களோ பணம் செலுத்தும் பக்கத்தில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் எல்லோருக்கும் எப்போதும் வருவதில்லை? ஆக்சஸ் டோக்கன் காலாவதியாகியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒன்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் கிளம்ப வேண்டும். முதல் கோரிக்கை R2-வைச் சேமித்து முடிக்கும் முன்பே இரண்டாவது R1-ஐ எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளி, சர்வருக்குப் போய்வரும் நேரத்தின் அளவுதான். அலுவலக வைஃபையில் அது கண்சிமிட்டும் பொழுது. ஓடும் ரயிலில், சிக்னல் தடுமாறும்போது பல நொடிகள். ஆக, இணைப்பு மோசமாக உள்ளவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். சோதிப்பவர்களோ சற்று முன் லாக்-இன் செய்த கைபேசியில், நல்ல இணைப்பில் சோதிக்கிறார்கள்.

சர்வரின் பதிவேட்டில் இதன் அடையாளம் தெளிவாக இருக்கும். ஒரே ரெஃப்ரெஷ் டோக்கன், ஒரே ஐபி முகவரியிலிருந்து, ஒரே கைபேசியிலிருந்து, ஒரு நொடிக்குள் இரண்டு முறை வந்திருக்கும். முதலாவது வெற்றி, இரண்டாவது `invalid_grant`. உண்மையான திருட்டில் இவ்வளவு நெருக்கமும் ஒற்றுமையும் அமைவது அரிது. நேரில் பார்க்க விரும்பினால் சோதனைச் சர்வரில் ஆக்சஸ் டோக்கனின் ஆயுளை ஒரு நிமிடமாகக் குறைத்து, டோக்கன் புதுப்பிக்கும் இடத்தில் வேண்டுமென்றே இரண்டு நொடி தாமதம் வைத்தால் போதும். மாதக்கணக்கில் பிடிபடாத பிழை சில நிமிடங்களில் கண்முன் வந்துவிடும்.

காலாவதி ஆவதற்கு ஒரு நிமிடம் முன்பே புதுப்பித்துவிட்டால் தீருமே என்று சிலர் முயல்வதுண்டு. தீராது. இரண்டு கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்து, ஒரே நேரத்தில் புதுப்பிக்கக் கிளம்பும். மோதல் ஒரு நிமிடம் முன்னதாக நடக்கும், அவ்வளவுதான்.

சரியான வழி, எத்தனை கோரிக்கைகள் மறுக்கப்பட்டாலும் புதுப்பிக்கும் வேலையை ஒன்றே ஒன்று செய்வது. மற்றவை அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப்படும் காட்லின் மொழியில் அதன் சாரம் இது:

```kotlin
mutex.withLock {
    if (store.accessToken != failedToken)
        return store.accessToken
    val fresh = api.refresh(store.refreshToken)
    store.save(fresh)
    return fresh.accessToken
}
```

`mutex` என்பது பூட்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். உண்மையான உயிர்நாடி `if` என்று தொடங்கும் சோதனைதான். காத்திருந்து உள்ளே வரும் கோரிக்கை, "நான் மறுக்கப்பட்டபோது வைத்திருந்த டோக்கன்தான் இன்னும் இருக்கிறதா?" என்று பார்க்கிறது. வேறாக இருந்தால், முன்னால் போனவர் வேலையை முடித்துவிட்டார் என்று பொருள். புதியதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். இந்தச் சோதனையை மறந்துவிட்டுப் பூட்டை மட்டும் போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்போது கோரிக்கைகள் வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகத் தேவையில்லாமல் புதுப்பிக்கும். அதோடு, ரெஃப்ரெஷ் டோக்கனையும் பூட்டுக்குள் வந்த பிறகே படிக்க வேண்டும். முன்கூட்டிப் படித்துக் கையில் வைத்திருந்தால் பழைய R1-ஏ மறுபடி போகும்.

இந்தப் பூட்டுக்கும் எல்லை உண்டு. அது ஒரு புராசஸுக்குள் மட்டுமே செல்லும். ஐபோனில் செயலியும் அதன் விட்ஜெட்டும் தனித்தனிப் புராசஸ்கள். இரண்டும் ஒரே கீசெயினில் உள்ள ரெஃப்ரெஷ் டோக்கனை எடுத்தால், உள்ளே போட்ட பூட்டு எதையும் தடுக்காது. அங்கே விட்ஜெட்டைப் புதுப்பிக்க விடாமல், அந்த உரிமையைச் செயலிக்கு மட்டும் வைப்பதே எளிது.

எந்தப் பூட்டாலும் தீராத நிலைமை இன்னொன்று. செயலி R1-ஐ அனுப்புகிறது, சர்வர் R2-வைத் தருகிறது, பதில் வரும் வழியில் ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. சர்வரைப் பொறுத்தவரை R1 செத்துவிட்டது. கைபேசியிடம் R1 மட்டுமே உள்ளது. இணைப்பு திரும்பியதும் செயலி அதையே நீட்டும். மறுபடி திருட்டு முத்திரை. இதற்குச் சர்வர்தான் இடம் கொடுக்க வேண்டும். பயன்படுத்திய டோக்கனைச் சில நொடிகளுக்கு மன்னிக்கும் சலுகை நேரம் இதற்காகவே இருக்கிறது. சுபாபேஸில் இது இயல்பாகவே 10 நொடி. ஆக்டாவில் 30 நொடி. 0 முதல் 60 வரை மாற்றிக்கொள்ளலாம். அந்த நொடிகளில் திருடனுக்கும் கதவு திறந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் சலுகையே இல்லாமல், சுரங்கத்தில் போன ஒவ்வொரு பயணியையும் வெளியே தள்ளுவது நியாயமான விலை அல்ல. சலுகை நேரத்தைச் சில நொடிகளில் நிறுத்திக்கொண்டு, செயலியில் பூட்டையும் போட வேண்டும். ஒன்று இருக்கிறது என்று மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

புதுப்பிக்கும் முயற்சி தோற்றால் லாக்-அவுட் செய்வதிலும் நிதானம் வேண்டும். இணைப்பு அறுந்தாலோ சர்வர் `500` பிழை தந்தாலோ டோக்கன் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கலாம். சேமித்த டோக்கன்களை அழிக்க வேண்டியது `invalid_grant` வந்தால் மட்டுமே. அதற்கு முன்பும், இதற்குள் வேறொரு கோரிக்கை புதிய டோக்கனைச் சேமித்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பயன்படுத்துகிறவர் செயலியை நீக்கிப் புதிதாக நிறுவினாலும், கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்தப் பிழை போகாது. அது செயலிக்குள் இருக்கிறது. ஆனால் புகார் எழுதும்போது நாள், மணி, நிமிடம், அப்போது செயலியை அப்போதுதான் திறந்தீர்களா, இணைப்பு எப்படி இருந்தது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அந்த நிமிடத்தின் பதிவேட்டை எடுத்துப் பார்க்கும் பொறியாளருக்கு ஒரே டோக்கன் இரண்டு முறை வந்த தடம் அங்கேயே கிடைத்துவிடும்.