கீமோதெரபி மருந்தின் அளவை முடிவு செய்வது எது? பிஎம்ஐ-யும் உடல் மேற்பரப்பளவும் வேறுபடுவது எப்படி?

புது தில்லி: புற்றுநோய்க்கான கீமோதெரபி சிகிச்சை தொடங்கும் நாளில், மருந்து ஏற்றுவதற்கு முன்பாக நோயாளியின் உயரமும் எடையும் குறித்துக் கொள்ளப்படுகின்றன. பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணைக் கணக்கிடவும் இதே இரண்டு அளவுகள்தான் தேவை. ஆனால், மருந்துச் சீட்டில் மருத்துவர் எழுதும் எண் பிஎம்ஐ அல்ல, உடல் மேற்பரப்பளவு. ஒரே உயரத்தையும் ஒரே எடையையும் கொண்டு கணக்கிடப்படும் இவ்விரு எண்களும் முற்றிலும் வேறுபட்ட கேள்விகளுக்கு விடை தருபவை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு பெண்ணின் உயரம் 150 செ.மீ., எடை 54 கிலோ. நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஓர் ஆணின் உயரம் 180 செ.மீ., எடை 78 கிலோ. இருவரது பிஎம்ஐ-யும் ஏறக்குறைய 24 தான். ஆனால், பெண்ணின் உடல் மேற்பரப்பளவு 1.50 சதுர மீட்டர். ஆணுக்கு அது 1.97. டாக்ஸோரூபிசின் என்ற மருந்தைச் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் கொடுப்பதாக வைத்துக் கொண்டால், பெண்ணுக்கு 90 மில்லிகிராமும் ஆணுக்கு ஏறத்தாழ 118 மில்லிகிராமும் தேவைப்படும். பிஎம்ஐ-யை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 162 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் கொண்ட ஒருவருக்கு மேற்பரப்பளவு 1.80 சதுர மீட்டர். 180 செ.மீ. உயரத்துடன் 65 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை உடைய மெலிந்த ஒருவருக்கும் அதே 1.80 தான். மருந்தின் அளவும் ஒன்றே. ஆனால், முதலாமவரின் பிஎம்ஐ 27.4, இந்தியர்களுக்கான வரையறையின்படி 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். இரண்டாமவரின் பிஎம்ஐ 20 மட்டுமே.

காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது. பிஎம்ஐ கணக்கில் எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். உயரத்தின் விளைவை நீக்கிவிட்டு, 'இந்த உயரத்துக்கு இந்த எடை மிகையா, குறைவா' என்று கேட்பதே அதன் நோக்கம். மேற்பரப்பளவுக் கணக்கிலோ உயரமும் எடையும் பெருக்கப்படுகின்றன. 'இந்த உடல் மொத்தத்தில் எவ்வளவு பெரியது' என்பதே அங்குக் கேள்வி.

ஒன்பது பேரிடமிருந்து பிறந்த சூத்திரம்

பெல்ஜியக் கணிதவியலாளர் அடால்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையின் சராசரி மனிதரை அளவிட உருவாக்கிய விகிதமே பிஎம்ஐ. அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1972-இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். மேற்பரப்பளவின் வரலாறு வேறு. உடல் வெளியிடும் வெப்பத்தை ஆராய்ந்தவர்களுக்கு, தோலின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பது தெரிய வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் டெலாஃபீல்ட் டுபாய்ஸ், யூஜின் டுபாய்ஸ் ஆகிய இருவரும் உடலோடு ஒட்டிய உறை மீது காகிதப் பட்டைகளை ஒட்டி, உடலின் அச்சை எடுத்தனர். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி, சமமாக விரித்துப் பரப்பை அளந்தனர். 1916-இல் அவர்கள் வெளியிட்ட சூத்திரம் இது:

மேற்பரப்பளவு = 0.007184 × எடை^0.425 × உயரம்^0.725

அதற்கு அடிப்படையாக அமைந்தவர்கள் 9 பேர் மட்டுமே. நூறு ஆண்டுகள் கடந்த பின்பும் உலகெங்கும் மருத்துவமனைக் கணினிகளில் இச்சூத்திரம் இயங்கிக் கொண்டிருக்கிறது என்பது வியப்புக்குரியது.

இந்தக் கணக்கைக் கையால் போடுவது கடினம். 1987-இல் மொஸ்டெல்லர் என்பவர் அதை எளிதாக்கினார். செ.மீ.யில் உள்ள உயரத்தைக் கிலோவில் உள்ள எடையால் பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். மேலே கண்ட பெண்ணுக்கு 150 × 54 = 8,100; அதை 3,600-ஆல் வகுத்தால் 2.25, அதன் வர்க்கமூலம் 1.50. டுபாய்ஸ் சூத்திரம் அதே பெண்ணுக்கு 1.48 தருகிறது. மருந்தில் ஏற்படும் வேறுபாடு 1 மில்லிகிராம் அளவே. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால், 160 செ.மீ. உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்கு மொஸ்டெல்லர் முறையில் 2.11-உம், டுபாய்ஸ் முறையில் 2.02-உம் கிடைக்கின்றன. எனவே, ஒரே நோயாளிக்குச் சிகிச்சையின் இடையில் சூத்திரத்தை மாற்றுவது நல்லதல்ல.

தோலின் பரப்புக்கும் நரம்பு வழியே ஏற்றப்படும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1958-இல் டொனால்ட் பிங்கெல் என்ற குழந்தைகள் நல மருத்துவர், சில புற்றுநோய் மருந்துகள் ஆய்வக விலங்குகளுக்கும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கப்பட்ட அளவுகளை ஒப்பிட்டார். கிலோ கணக்கில் பெரிதும் வேறுபட்ட அளவுகள், சதுர மீட்டர் கணக்கில் நெருங்கி வந்தன. 20 கிலோ எடையும் 115 செ.மீ. உயரமும் உள்ள குழந்தை, 70 கிலோ எடையும் 170 செ.மீ. உயரமும் உள்ள பெரியவரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேற்பரப்பளவிலோ 44 சதவீதம். எடையை மட்டும் நம்பியிருந்தால் அக்குழந்தைக்குத் தேவையானதை விடக் குறைவான மருந்தே சென்றிருக்கும்.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு நேரும் இழப்பு

நடைமுறையில் நெடுங்காலம் நிலவிய ஒரு பழக்கம், மேற்பரப்பளவு எவ்வளவு வந்தாலும் 2 சதுர மீட்டருக்கு மேல் கணக்கில் எடுக்காமல் விடுவது. அதிக மருந்து நச்சுத்தன்மையை உண்டாக்கும் என்ற அச்சமே இதற்குக் காரணம். 180 செ.மீ. உயரமும் 110 கிலோ எடையும் கொண்டவரின் மேற்பரப்பளவு 2.35. அவருக்கு முழு அளவில் ஏறத்தாழ 141 மில்லிகிராம் டாக்ஸோரூபிசின் தேவை. 2-இல் நிறுத்தினால் 120 மட்டுமே கிடைக்கும். அதாவது, ஒவ்வொரு சுற்றிலும் ஏழில் ஒரு பங்கு மருந்து குறைகிறது. குணப்படுத்தும் நோக்கில் தரப்படும் சிகிச்சையில் இது சிறிய இழப்பன்று. பருமனானவர்களுக்கும் உண்மையான எடையின் அடிப்படையில் முழு அளவையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012-இல் பரிந்துரைத்தது. 2021-இல் அதை உறுதிப்படுத்தியது. நச்சுத்தன்மை தென்பட்டால், மெலிந்த நோயாளிக்கு எப்படி அளவைக் குறைப்பார்களோ அப்படியே இவருக்கும் குறைக்கலாம். முன்கூட்டியே குறைக்கத் தேவையில்லை. வின்கிறிஸ்டின் போன்ற சில மருந்துகள் மட்டும் விதிவிலக்கு. நரம்புப் பாதிப்பைத் தவிர்க்க, அதற்கு 2 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பு பொதுவாகப் பின்பற்றப்படுகிறது.

பிஎம்ஐ காட்டிக் கொடுக்கும் பிழை

மருந்தின் அளவை முடிவு செய்வதில் பிஎம்ஐ-க்கு நேரடிப் பங்கு இல்லாவிட்டாலும், காவலாளி வேலையை அது நன்றாகச் செய்யும். 150 செ.மீ. என்பதைப் பதிவு செய்பவர் தவறுதலாக 105 என்று தட்டச்சு செய்துவிட்டார் என்று கொள்வோம். மேற்பரப்பளவு 1.50-க்குப் பதிலாக 1.25 ஆகிவிடும். சிறிய உருவம் கொண்ட ஒரு பெண்ணுக்கு அது நம்பக்கூடிய எண்தான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மருந்து 90-லிருந்து 75 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே தவறு பிஎம்ஐ-யை 24-லிருந்து 49-ஆக உயர்த்தும். எதிரில் அமர்ந்திருப்பவரைப் பார்த்தாலே அந்த எண் பொய் என்று தெரிந்துவிடும். வர்க்கமூலம் பிழையைச் சுருக்கி மறைக்கிறது; வர்க்கம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது.

உயரத்தை அளக்காமல் நோயாளியிடம் கேட்டு எழுதுவது மற்றொரு பிழை. முதுகு வளைந்த முதியவர்கள் இளமையில் இருந்த உயரத்தையே சொல்வார்கள். '5.11' என்று எழுதப்பட்டதை 5 அடி 11 அங்குலம் என்று கொள்ளாமல் தசம எண்ணாக எடுத்துக் கொண்டால், 180 செ.மீ. என்பது 156 ஆகிவிடும்.

எடையும் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் புதிதாகப் பார்க்கப்பட வேண்டும். 54 கிலோ 10 சதவீதம் குறைந்தால், மேற்பரப்பளவு 1.50-லிருந்து 1.42-க்கு, அதாவது 5 சதவீதம்தான் இறங்குகிறது. மருந்து சிறிதளவே மாறும். ஆனால், பிஎம்ஐ 21.6-ஆகச் சரிந்திருப்பது ஊட்டச்சத்துக் குறைவின் எச்சரிக்கை. வயிற்றில் நீர் கோத்த நோயாளியிடம் இரண்டு எண்களுமே ஏமாற்றும். ஏறியிருப்பது நீரின் எடை.

சிறுநீரகம் சொல்லும் கணக்கு

மேற்பரப்பளவு எல்லா மருந்துக்கும் பொருந்தாது. ஒரே அளவு மேற்பரப்பு உடைய இரு பெரியவர்களின் கல்லீரலும் சிறுநீரகமும் ஒரே வேகத்தில் மருந்தை வெளியேற்றுவதில்லை. கார்போபிளாட்டின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், அதற்கு 1989-இல் கால்வர்ட் வகுத்த சூத்திரம் பயன்படுகிறது. சிறுநீரக வடிகட்டு வீதத்துடன் 25-ஐக் கூட்டி, இரத்தத்தில் எட்ட வேண்டிய இலக்கு எண்ணால் பெருக்குவதே அது. இலக்கு 5 என்றால், வடிகட்டு வீதம் 80 உள்ளவருக்கு 525 மில்லிகிராம். 40 உள்ளவருக்கு 325. இங்கே உடலின் பரப்பு கணக்கில் நேரடியாக வருவதே இல்லை.

ஆனால், பின்வாசல் வழியாக அது வரக்கூடும். ஆய்வகங்கள் தரும் வடிகட்டு வீதத்தின் அருகில் '1.73 சதுர மீட்டருக்கு' என்ற குறிப்பு இருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். 1920-களில் அமெரிக்க இளைஞர்களின் சராசரியாகக் கொள்ளப்பட்ட மேற்பரப்பளவு அது. நாம் பார்த்த பெண்ணின் அறிக்கையில் 60 என்று இருந்தால், அவரது 1.50 சதுர மீட்டர் உடலுக்கு உண்மையான வீதம் 52 தான். திருத்தாமல் 60-ஐ அப்படியே கால்வர்ட் சூத்திரத்தில் இட்டால் 425 மில்லிகிராம் வரும், திருத்தினால் 385. நோயின் நிலையைப் பிறரோடு ஒப்பிட 60 சரியான எண். கார்போபிளாட்டின் அளவுக்கு 52-ஐத்தான் எடுத்துக் கொள்ள வேண்டும்.