அமோனியா கசிந்தால் யாரை எண்ணுவது? உள்ளே இருப்பவர்களையா, வெளியே நிற்பவர்களையுமா?

பூன் லேயிலிருந்து ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போகும் வழியில் குளிர்பதனக் கிடங்குகள் பல உண்டு. மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் எல்லாம் அங்குதான் உறைந்து கிடக்கின்றன. பெரிய கிடங்குகளைக் குளிர வைக்கும் பொருள் பெரும்பாலும் அமோனியா. வீட்டு ஏர்கானில் ஓடும் வாயுவைவிட அது மலிவு. குளிர்விக்கும் திறனும் அதிகம். ஒரே சிக்கல்: குழாயை விட்டு வெளியே வந்தால் ஆளைத் தாக்கும்.

அப்படி நடந்தால் முதல் சில நிமிடங்களில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். எந்தப் பக்கம் போவது? யார் யார் பத்திரமாக இருக்கிறார்கள்? யாருக்குச் சொல்லியாச்சு?

மூக்கே முதல் அலாரம்

அமோனியாவில் ஒரு நல்லது உண்டு. காற்றில் ஒரு மில்லியனுக்கு 5 பங்கு இருந்தாலே பலருக்கு வாடை தெரிந்துவிடும். உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்துறைச் சுகாதார அமைப்பு கணக்கிடும் அளவு 300 பங்கு. அதாவது வாடை வந்ததும் கிளம்பினால், பெரும்பாலும் நேரம் இருக்கிறது.

ஆனால் குழாய் உடைந்து பெரிய அளவில் பீறிட்டால் கதையே வேறு. அமோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மைதான். ஆனால் அழுத்தத்தில் திரவமாக இருந்தது திடீரென்று வெளியேறும்போது, மிகக் குளிர்ந்த துளிகளோடு கலந்த வெள்ளைப் புகையாக வரும். அந்தப் புகை கனமானது. தரையை ஒட்டியே காற்றோடு நகரும்.

152 பேர் வெளியாட்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தியடோர் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். மில்லர்ட் ரெஃப்ரிஜரேட்டட் சர்வீசஸ் நிறுவனத்தின் கிடங்கு, ஒரு கால்வாய் ஓரத்தில் இருந்தது. கப்பல்களில் உறைந்த கோழி இறைச்சி ஏற்றுமதியாகும் இடம். 2010 ஆகஸ்ட் 22ஆம் தேதி அங்கே 7 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. மறுநாள் காலை இயந்திரங்களை மீண்டும் ஓடவிட்டபோது, ஒரு குளிரூட்டி பனி நீக்கும் கட்டத்தில் இருந்தது. அதாவது, அதன் குழாய்களில் சூடான அமோனியா வாயு இருந்தது.

கணினியில் வந்த எச்சரிக்கைகளை ஊழியர் ஒருவர் அழித்தார். அதனால் பனி நீக்கும் சுழற்சி பாதியிலேயே நின்று, சூடான வாயு நேராகக் கடுங்குளிர்க் குழாய்க்குள் பாய்ந்தது. வாயு நொடியில் சுருங்க, உள்ளே இருந்த திரவம் சுத்தியல்போல் குழாயை அடித்தது. தண்ணீர்க் குழாயைப் படக்கென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று சத்தம் வருமே, அதன் பெரிய வடிவம். கூரையில் இருந்த, சுமார் 30 சென்டிமீட்டர் அகலக் குழாய் உடைந்தது.

ஊழியர்கள் அந்தப் பகுதியை மட்டும் அடைக்க முயன்றார்கள். அவசர நிறுத்தப் பொத்தானை உடனே அழுத்தவில்லை. மொத்தம் 14 டன்னுக்கும் மேற்பட்ட அமோனியா வெளியேறியது.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் காயமடைந்தவர் ஒருவர். பாதிக்கப்பட்டதாகச் சொன்ன வெளியாட்கள் 152 பேர். அவர்களில் 9 பேர் கப்பல் சிப்பந்திகள். மற்ற 143 பேர், காற்று வீசிய திசையில் இருந்த வேறோர் இடத்தில், மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யும் பணிக்காக வந்திருந்த ஒப்பந்த ஊழியர்கள். 32 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 4 பேருக்குத் தீவிர சிகிச்சை.

கிடங்கு தன் ஊழியர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி எண்ணியிருந்தால், "எல்லாரும் வந்தாச்சு" என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். ஆபத்தில் இருந்தவர்களோ வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

வெளியேறும் உத்தரவு: எந்தப் பக்கம்?

தீப் பயிற்சியில் ஒரே அசெம்ப்ளி பாயிண்ட்டுக்குப் போய்ப் பழகியிருப்போம். அமோனியா கசிவில் அது தவறான இடமாகவும் இருக்கலாம். காற்று அந்தப் பக்கம் வீசினால், எல்லாரும் புகைக்குள்ளேயே போய் நிற்பார்கள். அதனால்தான் இரண்டு ஒன்றுகூடும் இடங்களும் கூரைமேல் காற்றுத்திசை காட்டும் துணிக்குழாயும் தேவை. புகையை முதுகுக்குப் பின்னால் விட்டுக் காற்றோடு ஓடக் கூடாது. குறுக்கே விலகி, பிறகு காற்று வரும் திசைக்குப் போக வேண்டும்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறான அறிவுரை கிடைக்கும்: வெளியே வராதீர்கள். குடிமைத் தற்காப்புப் படை இதை 'இருக்கும் இடத்திலேயே பாதுகாப்பு' என்ற முறையில் சொல்லித்தருகிறது. உள்ளே போய், கதவு சன்னல்களை மூடி, இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, அதிகாரிகளின் தகவலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

தலைகளை அல்ல, பெயர்களை எண்ணுங்கள்

"48 பேர் இருக்காங்க" என்பது போதாது. அந்த 48இல் லாரி ஓட்டுநர் ஒருவர் சேர்ந்து, கோல்ட் ரூமுக்குள் ஒருவர் சிக்கியிருந்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும். பெயர்ப் பட்டியல் வேண்டும்: பணிநேர ஊழியர்கள், பழுதுபார்க்க வந்த ஒப்பந்தக்காரர்கள், ஓட்டுநர்கள், பார்வையாளர்கள் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் கட்டடத்துக்கு வெளியே கைக்கு எட்டும் இடத்திலும் இருக்க வேண்டும்.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அமோனியா கசிந்தபோது, மருத்துவமனைக்குப் போனவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்த பெண்கள். இப்படிப்பட்ட இடங்களில் பட்டியல் சரியாக இல்லையென்றால், தொலைவில் இருக்கும் குடும்பத்துக்கு யார் என்ன சொல்வது?

ஒருவர் பெயர் விடுபட்டால், "நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று யாரும் உள்ளே திரும்பக் கூடாது. கடைசியாக எங்கே, எப்போது பார்த்தார்கள் என்பதைத் தீயணைப்பாளர்களிடம் சொல்லுங்கள். சுவாசக் கருவியும் பாதுகாப்பு உடையும் அவர்களிடம்தான் இருக்கும்.

யாருக்குச் சொல்வது?

சிங்கப்பூரில் முதல் அழைப்பு 995. கசிவது அமோனியா, முகவரி, காயமடைந்தோர், விடுபட்டோர், புகை போகும் திசை ஆகியவற்றைச் சொன்னால், வாகனங்கள் எந்த வழியாக வர வேண்டும் என்பதையும் அவர்கள் முடிவு செய்ய முடியும். உயிரிழப்போ சட்டம் பட்டியலிடும் ஆபத்தான சம்பவமோ என்றால் மனிதவள அமைச்சுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். 10 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும்.

அமெரிக்காவில் சுமார் 45 கிலோ அமோனியா வெளியேறினாலே தேசிய அவசர மையத்துக்கு உடனடியாகச் சொல்வது கட்டாயம். தியடோரில் வெளியேறியது அதைப்போல் 300 மடங்குக்கும் மேல்.

ஆனால் எந்த அமைச்சின் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒருவருக்கும் அழைப்பு போக வேண்டும்: காற்று வீசும் திசையில் இருக்கும் பக்கத்துத் தொழிற்சாலையின் காவலாளி. அவருடைய தொலைபேசி எண் உங்கள் கிடங்கின் அவசரத் திட்டத்தில் இருக்கிறதா என்று நாளை வேலைக்குப் போனதும் கேட்டுப் பாருங்கள்.