கொடைக்கானல் செய்தியும் கடல் கடந்த பிள்ளைகளும்: ஒரு நாளிதழ்ச் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

2024 ஏப்ரல் கடைசியில் பல குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தமிழ்ச் செய்தி சுற்றியது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயம் என்பதுதான் அது. டொராண்டோவிலோ லண்டனிலோ ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு கொடைக்கானல் தாத்தா வீட்டுக்கு வர டிக்கெட் எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பள்ளிக்குப் போகும் 15 வயது மகனிடம் போனை நீட்டி, "என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுடா" என்கிறார் அம்மா. தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டு அவன் சொல்கிறான்: "கொடைக்கானலுக்கு யாரும் போகக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சும்மா."

செய்தியில் அப்படி இல்லை. ஆனால் அவன் எழுத்துக் கூட்டிப் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. வீட்டில் பேசும் தமிழ் வேறு, நாளிதழ்த் தமிழ் வேறு என்பதால் வந்த குழப்பம் இது. அதைச் சரிசெய்ய நீண்ட இலக்கணப் பாடம் தேவையில்லை. இந்த ஒரே செய்தியை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

முதலில் செய்தி

அன்றைய செய்தியின் சாரத்தை நாளிதழ் நடையில் சுருக்கி எழுதினால் இப்படி இருக்கும்:

"கோடை விடுமுறையில் நீலகிரி, கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு மே 7 முதல் ஜூன் 30 வரை இ-பாஸ் வழங்குமாறு, நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. மலைப்பகுதிகளுக்கு வரும் வாகனங்களின் எண்ணிக்கையை அறிந்துகொள்வதற்காக இந்த ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. உள்ளூர் மக்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இ-பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை."

படிக்கும் முன் இரண்டு நிமிடம் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. கொடைக்கானல் பற்றிய செய்தியில் திண்டுக்கல் ஏன் வருகிறது என்று வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்குத் தெரியாது. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் அந்த மாவட்ட ஆட்சியருக்குத்தான் உத்தரவு போகும். பழனியும் அதே மாவட்டம்தான். 'பழனி மலை' என்றதும் பிள்ளைகளுக்கு முருகன் கோயில் இருக்கும் குன்றுதான் நினைவுக்கு வரும். கொடைக்கானல் அமைந்திருப்பதோ பழனி மலைத்தொடரில். அடிவாரத்தில் இருக்கும் பழனி கோயிலுக்குப் போவோருக்கும் இ-பாஸ் வேண்டுமோ என்ற சந்தேகம் வரைபடத்தைப் பார்த்தாலே தீர்ந்துவிடும். இந்த உத்தரவு மேலே கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்குத்தான்.

கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள்

முதல் வாக்கியம் நீளமானது. பிள்ளைகள் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போய், பாதி வழியில் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். அதனால் ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு, கடைசிச் சொல்லுக்குப் போய் அங்கிருந்து கேள்வி கேட்டபடி பின்னோக்கி வரச் சொல்லுங்கள்.

கடைசிச் சொல் என்ன? 'உத்தரவிட்டுள்ளது.' உத்தரவிட்டது யார்? அதற்கு முன்னால் நிற்கும் 'சென்னை உயர் நீதிமன்றம்.' யாருக்கு? 'மாவட்ட ஆட்சியர்களுக்கு.' என்ன செய்யச் சொல்லி? 'இ-பாஸ் வழங்குமாறு.' எதற்கு? 'சுற்றுலா வாகனங்களுக்கு.' எந்த வாகனங்கள்? 'நீலகிரி, கொடைக்கானலுக்கு வரும்' வாகனங்கள்.

இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வாக்கியம் புரிந்துவிட்டது என்று பொருள். ஏதாவது ஒன்றில் பிள்ளை தயங்கினால் சிக்கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வாக்கியம் முழுவதையும் மீண்டும் விளக்க வேண்டாம்.

பெரும்பாலும் தயக்கம் வருவது 'கு' என்ற உருபில். இந்த ஒரே வாக்கியத்தில் அது மூன்று முறை வருகிறது. கொடைக்கானலுக்கு என்பது போகும் இடம். வாகனங்களுக்கு என்பது பாஸ் பெறுவது. ஆட்சியர்களுக்கு என்பது உத்தரவைப் பெறுபவர். மூன்றையும் ஒன்றாக நினைத்தால், ஆட்சியர்கள்தான் பாஸ் வாங்க வேண்டும் என்றுகூடப் புரிந்துகொள்ள இடமுண்டு. இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. 'கு' வந்த சொல்லை, அடுத்து வரும் வினையோடு சேர்த்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். கொடைக்கானலுக்கு வரும், வாகனங்களுக்கு வழங்குமாறு, ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டுள்ளது என்று மூன்று இணைகளையும் மூன்று நிறப் பென்சிலால் அடிக்கோடிட்டால் தெளிவாகிவிடும்.

நீண்ட சொல்லை வீட்டுச் சொல்லாக்குங்கள்

'உத்தரவிட்டுள்ளது' என்று அகராதியில் தேடினால் கிடைக்காது. உத்தரவு, இட்டு, உள்ளது என்று பிரித்தால் 'உத்தரவு' கிடைக்கும். செய்திகளில் வரும் 'உள்ளது' பெரும்பாலும் வீட்டில் பேசும் 'இருக்கு'தான். உத்தரவிட்டுள்ளது என்றால் 'உத்தரவு போட்டிருக்கு.'

அடுத்த தடை 'அளிக்கப்பட்டுள்ளது', 'செய்யப்பட்டுள்ளது' போன்ற சொற்கள். வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. 'குடுத்திருக்காங்க', 'செஞ்சிருக்காங்க' என்றுதான் சொல்வோம். நடுவில் 'படு' தெரிந்தால், யார் செய்தார்கள் என்பதை வாக்கியம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதை முந்தைய வாக்கியத்தில் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். விலக்கு அளித்தது யார்? நீதிமன்றம்.

கடைசி வாக்கியத்தில் வரும் 'விதிக்கப்படவில்லை'யையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். விதி, படு, இல்லை. 'வரம்பு ஒண்ணும் வைக்கலை' என்று பேச்சில் சொல்லிப் பார்த்தால் போதும். நம் 15 வயதுப் பையன் தவறவிட்ட இடம் இதுதான். 'இல்லை' என்ற மறுப்பு நீண்ட சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்ணில் படாமல் போகிறது. 'வரம்பு', 'விதி' என்ற இரண்டைப் பார்த்ததும் தடை போலிருக்கிறது என்று அவன் ஊகித்துவிட்டான்.

எட்டே சொற்கள்

தெரியாத சொல் அத்தனையையும் எழுதச் சொன்னால் பிள்ளை நோட்டை மூடிவிடும். இந்தச் செய்திக்கு எட்டுச் சொற்கள் போதும்: வாகனம், வழங்கு, ஆட்சியர், உயர் நீதிமன்றம், உத்தரவு, எண்ணிக்கை, விலக்கு, வரம்பு. இவை மற்ற செய்திகளிலும் அடிக்கடி வருபவை.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் நாளிதழ்ச் சொல், அடுத்து வீட்டில் அதற்குச் சொல்லும் சொல், மூன்றாவது பிள்ளை சொந்தமாக எழுதும் ஒரு வாக்கியம். வாகனத்துக்கு 'வண்டி', உத்தரவுக்கு 'ஆர்டர்', ஆட்சியருக்கு 'கலெக்டர்.' வீட்டுச் சொல் ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு புதுச் சொல் ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சில சொற்களைத் தனியாக எழுதாமல் ஜோடியாக எழுத வேண்டும். விலக்கு அளி, வரம்பு விதி, உத்தரவு பிறப்பி, மனு தாக்கல் செய் என்று இவை செய்திகளில் ஜோடியாகவே வரும். விலக்கு என்று மட்டும் படித்த பிள்ளை, எழுதும்போது 'விலக்கு போட்டார்கள்' என்று எழுதிவிடும்.

குழப்பும் இரட்டையர்களையும் அன்றே பார்த்துவிடுங்கள். விலக்கு வேறு, விளக்கு வேறு. ஆட்சியர் வேறு, ஆசிரியர் வேறு. சென்னையில் இருப்பது உயர் நீதிமன்றம். டெல்லியில் இருப்பது உச்ச நீதிமன்றம்.

அகராதி தேவைப்பட்டால், இன்றைய உரைநடைச் சொற்களுக்கு 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' பொருத்தமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இலக்கியச் சொற்களுக்கு உதவும். அதில் ஒரு சொல்லுக்குப் பல பழைய பொருள்கள் இருப்பதால், புதிதாகப் படிக்கும் பிள்ளை எதை எடுப்பதென்று திணறக்கூடும்.

முப்பது சொற்களில் சுருக்கம்

சுருக்கம் எழுதச் சொன்னால் முதல் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுவதுதான் வழக்கம். அதைத் தடுக்க, எழுதும்போது செய்தியை மூடி வையுங்கள். முதலில் தாத்தாவிடம் போனில் சொல்வதுபோல் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "தாத்தா, மே ஏழுலேர்ந்து கொடைக்கானல் வர்ற டூரிஸ்ட் வண்டிக்கெல்லாம் இ-பாஸ் எடுக்கணுமாம். எத்தனை வண்டி வருதுன்னு தெரிஞ்சுக்கத்தானாம். ஊர்க்காரங்களுக்கு வேண்டாமாம்." பிறகு இதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும்.

பையனின் முதல் முயற்சி இப்படி இருக்கலாம்: "கொடைக்கானலுக்குச் செல்ல நீதிமன்றம் தடை விதித்தது. உள்ளூர் மக்கள் மட்டும் போகலாம்." எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வாக்கியமும் தவறு. சிவப்பு மையால் அடிக்காமல், "தடைன்னு செய்தியில எங்கே இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட முடியாத எதுவும் சுருக்கத்தில் இருக்கக் கூடாது. அவனே தேடிப் பார்த்து, 'விதிக்கப்படவில்லை'யில் வந்து நிற்பான்.

திருத்திய பின்:

"2024 மே 7 முதல் ஜூன் 30 வரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. வாகனங்களின் எண்ணிக்கையை அறியவே இந்த ஏற்பாடு. இ-பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. உள்ளூர் மக்களுக்கு இது தேவையில்லை."

யார், யாருக்கு, என்ன, எப்போது, ஏன், யாருக்கு இல்லை என்று ஆறு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் அதை மட்டும் சேர்க்கலாம்.

அடுத்த வாரம் அதே செய்தியின் தொடர்ச்சி

அடுத்த வாரம் கிரிக்கெட், அதற்கடுத்த வாரம் சினிமா என்று தாவினால் எட்டுச் சொற்களும் மறந்துபோகும். அதே விஷயத்தின் தொடர்ச்சியைக் கொடுத்தால் பழைய சொற்கள் மீண்டும் கண்ணில் படும். புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

இந்தச் செய்திக்குத் தொடர்ச்சி உண்டு. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை கொடைக்கானலுக்குள் வார நாள்களில் 4,000, வார இறுதி நாள்களில் 6,000 சுற்றுலா வாகனங்களை மட்டுமே அனுமதிக்க உத்தரவிட்டது. நீலகிரிக்கு இது 6,000, 8,000. உள்ளூர் வாகனங்களுக்கு அப்போதும் விலக்கு. உத்தரவு, வாகனம், எண்ணிக்கை, விலக்கு எல்லாம் திரும்ப வருகின்றன. புதியவை 'வார நாள்', 'அனுமதி' மட்டுமே.

இதைப் பிள்ளையிடம் உதவியில்லாமல் படிக்கக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "2024 உத்தரவுக்கும் 2025 உத்தரவுக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்போ வரம்பு விதிக்கலை. இப்போ விதிச்சிருக்காங்க. நாம சனிக்கிழமை போறதா இருந்தா, முன்னாடியே பாஸ் எடுத்துடணும்மா" என்று பதில் வந்தால், டிக்கெட்டை ரத்து செய்யாமல் பையை அடுக்கத் தொடங்கலாம்.