நான்கு டிராயரும் திறந்திருக்கும்போது

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவள், "மாமா, இந்த டிராயர் அலமாரியைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன், அசையவே மாட்டேங்குது. இதைப் போய் சுவத்தோட சேர்த்துக் கட்டணும்கிறீங்களே?" என்று கேட்டாள். அவளுடைய இரண்டு வயதுப் பையன் அதன் கீழ் டிராயரைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் இழுத்துப் பார்த்தது எல்லா டிராயரும் மூடியிருந்தபோது. அலமாரி விழுவது அவை திறந்திருக்கும்போது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்கு அதன் முன்பக்க அடி விளிம்புதான் சீசாவின் நடுத்தண்டு. விளிம்புக்குப் பின்னால் இருக்கும் எடை அலமாரியைத் தரையில் பிடித்து வைக்கிறது. விளிம்பைத் தாண்டி முன்னால் வரும் எடை அதைக் கவிழ்க்கப் பார்க்கிறது. எடை எவ்வளவு என்பதோடு, விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டையும் பெருக்கினால் அந்தப் பக்கத்தின் பலம் தெரியும்.

அவள் வீட்டு அலமாரி 45 சென்டிமீட்டர் ஆழம், 120 சென்டிமீட்டர் உயரம். டிராயர்கள் இல்லாத கூடு 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையின் மையம் விளிம்புக்கு 22 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. டிராயர் நான்கு, துணியோடு ஒவ்வொன்றும் 6 கிலோ. பையன் 14 கிலோ.

ஒரே ஒரு டிராயரை 30 சென்டிமீட்டர் வெளியே இழுத்து, அதன் முன்பலகையில் பையன் ஏறி நிற்கிறான். பின்பக்கத்தில் கூட்டுக்கு 550, மூடிய மூன்று டிராயருக்கு 396, ஆக 946. முன்பக்கத்தில் பையனுக்கு 420, திறந்த டிராயருக்கு 48, ஆக 468. அலமாரி நிற்கிறது. பார்க்கிற நமக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

ஆனால் மேலே இருக்கும் பொம்மை வேண்டுமென்றால் அவன் ஒரு டிராயரோடு நிற்க மாட்டான். நான்கையும் இழுத்துப் படிக்கட்டு ஆக்கிக்கொள்வான். இப்போது பின்பக்கத்தில் மிஞ்சுவது வெறும் கூட்டின் 550. நான்கு டிராயரின் எடையும் விளிம்பைத் தாண்டி முன்னால் வந்துவிட்டதால் அவற்றுக்கு 192, பையனுக்கு 420, மொத்தம் 612. அலமாரி கவிழ்கிறது. பையனின் எடை கூடவில்லை. தாங்கி நின்ற துணி மூட்டைகள் அணி மாறிவிட்டன, அவ்வளவுதான். "கனமானதை அடியில் வை" என்ற யோசனை மூடிய அலமாரிக்குத்தான் முழுசாகப் பொருந்தும். அடி டிராயரும் திறந்தால் அந்தக் கனமும் முன்னால் வந்து நிற்கும்.

அமெரிக்காவில் 2016-ல் ஐகியா நிறுவனம் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. சுவரில் பிணைக்காத அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். அதன் பிறகு அங்கே 2023-ல் நடைமுறைக்கு வந்த விதி, சாமான் நிரப்பிய டிராயர்களைத் திறந்து வைத்தும், 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறித் தொங்குவது போன்ற விசை கொடுத்தும் சோதிக்கச் சொல்கிறது. மூடிய அலமாரியை இழுத்துப் பார்ப்பது சோதனையே ஆகாது என்பது அந்த இறப்புகளிலிருந்து கற்ற பாடம்.

"அப்போ அதைப் பிடிச்சு நிறுத்த ரொம்ப பலமான பட்டை வேணுமே, மாமா?"

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 612-லிருந்து 550 போக மிச்சம் 62. பட்டையை 120 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது அலமாரியின் உச்சியில் மாட்டினால், 62-ஐ 120-ஆல் வகுக்க வேண்டும். அரை கிலோ இழுவிசை போதும். பையன் பின்னால் சாய்ந்து தொங்கினாலும் இரண்டு மூன்று கிலோதான். அதே பட்டையை 30 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினால் நான்கு மடங்கு விசை வேண்டும். அதனால்தான் உச்சியில் மாட்டச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கு பட்டை விறைப்பாக இருந்தால் மட்டும் செல்லும். நாலு விரல் தொய்வு இருந்தால் அலமாரி வேகமெடுத்த பிறகே பட்டை அதைப் பிடிக்கும். அந்த வெட்டு இழுப்பு பல மடங்கு ஆகி, ஆணியையோ திருகையோ பிடுங்கிவிடும். தரை ஓரத்து ஸ்கர்ட்டிங் டைல் தடுப்பதால் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும். இருக்கட்டும். பட்டையில் தொய்வு மட்டும் வேண்டாம்.

பட்டை அறுவதைவிட அதன் இரண்டு முனைகள்தான் அதிகம் கைவிடும். அலமாரிப் பக்கத்து முனையைப் பின்பலகையில் திருகாதீர்கள். அது பெரும்பாலும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஹார்ட்போர்டு, ஓர் இழுப்பில் பிய்ந்துவிடும். மேல்பலகையின் பின் விளிம்பிலோ பக்கப் பலகையிலோ திருக வேண்டும். இரும்பு பீரோ என்றால் மெல்லிய தகட்டில் வெறும் திருகு நிற்காது. துளை போட்டு, உள்ளே வாஷரும் நட்டும் வைத்து போல்ட் முடுக்க வேண்டும்.

சுவர்ப் பக்கத்து முனைக்கு, டிரில் செய்யும்போது கொட்டும் தூளைப் பாருங்கள். முதலில் வரும் சாம்பல் தூள் சிமென்ட் பூச்சு. பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல், நல்ல பிடிமானம். பிளக்கும் திருகும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போயிருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் திருகில் பாதி பூச்சிலேயே முடிந்துவிடும், 50 வேண்டும். துளையில் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். விரலால் தள்ளினாலே முழுசாக உள்ளே போகிற பிளக் பிடிக்காது. சுத்தியலால் தட்டி இறக்குகிற மாதிரி இருக்க வேண்டும்.

புது அடுக்குமாடிகளில் டிரில் வெண்ணெயில் போவது போல இறங்கி, வெள்ளை மாவு கொட்டினால் அது ஏஏசி பிளாக். அங்கே ஹாமர் வைக்காமல் வெறும் சுழற்சியில் துளையிட்டு, அந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீளமான பிளக்கைப் போட வேண்டும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் ஜிப்சம் தடுப்பாக இருந்தால் அலமாரியை வேறு சுவருக்கு மாற்றுவது மேல். எந்தச் சுவரானாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளையிடக் கூடாது. ஒயர் குழாய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

டீ ஆறிப்போயிருந்தது. பையனை அவன் அப்பாவோடு அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு நைலான் பட்டையாக மாட்டினோம். தூள் சிவப்பாக வந்தது. பிறகு நான்கு டிராயரையும் முழுக்கத் திறந்து, மேல் டிராயரின் முன்பலகையை நான் கையால் அழுத்தினேன். அலமாரி துளி முன்னால் வந்து பட்டையில் நின்றது. அவளையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்து மேலே இருந்த பொம்மையை எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தாள். டிராயரில் கை நசுங்குவதையோ பையன் வழுக்கி விழுவதையோ பட்டை தடுக்காது. ஏறுவதற்கான காரணத்தையும் எடுத்துவிட வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும், திருகு தளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே மாதிரி டிராயர்களைத் திறந்து வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கதவின் பின்னால் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதியை அவளே குறித்துக்கொண்டாள்.