பின்னட்டையைத் திருப்புகிறவருக்காக

வீட்டு வயரிங் கற்றுத்தரும் தமிழ்ப் புத்தகம் ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பாடங்களை ஐடிஐ மாணவர் உட்கார்ந்து படிப்பார். கடைசிப் பக்கங்களை அப்படி யாரும் படிக்க மாட்டார்கள். ஏணியில் நிற்கும் எலெக்ட்ரீஷியன், கீழே நிற்கும் பையனிடம் "கீசருக்கு எந்த ஒயர்னு பாருடா தம்பி" என்பார். மெயின் அணைந்திருக்கும். செல்போன் வெளிச்சத்தில் பையன் புத்தகத்தைத் திருப்புவான். சொல் விளக்கப் பட்டியலையும் உடனடிக் குறிப்பையும் அமைக்கிறவர் இந்தப் பையனை மனத்தில் வைத்து வேலை செய்ய வேண்டும்.

இந்த இரண்டும் வெவ்வேறு ஆட்களுக்கானவை. சொல் விளக்கத்தைத் தேடுபவர் பாடத்தின் நடுவே ஒரு சொல்லில் நின்றுவிட்டவர். உடனடிக் குறிப்பைத் தேடுபவருக்குச் சொல்லெல்லாம் தெரியும், எண்தான் மறந்துவிட்டது. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் இருவருக்குமே தேடியது கிடைக்காது.

முதலில் சொல் விளக்கம். ஆர்சிசிபி என்ற கருவிக்குப் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் வருவது இப்படி இருக்கும்: "மின்கசிவைக் கண்டறிந்து மின்சுற்றைத் துண்டிக்கும் சாதனம்." பிழை ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படித்தவர் டிபி பாக்ஸைத் திறந்து அதை அடையாளம் காண முடியாது. மேலும் எம்சிபியும் மின்சுற்றைத் துண்டிக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஆர்சிசிபி: டிபி பாக்ஸில் மெயின் சுவிட்சை அடுத்து இருப்பது. முகப்பில் டெஸ்ட் என்று எழுதிய சின்னப் பட்டன் இருக்கும். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால், எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். ஆளைக் காக்க வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. ஓவர்லோடைத் தடுக்காது; அதற்கு எம்சிபி பார்க்க. ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் இது காப்பாற்றாது."

இதில் எங்கே இருக்கும், எப்படி அடையாளம் காண்பது, என்ன செய்யும், எதைச் செய்யாது என்ற நான்கும் அந்த வரிசையிலேயே வந்துவிட்டன. கடைசியில் உள்ளதுதான் உயிர் காக்கும் பகுதி. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவின் முடிவில் பாடத்தின் பக்க எண்ணையும் போட்டுவிட்டால் மேலும் அறிய விரும்புகிறவர் அங்கே போய்க்கொள்வார்.

எந்தச் சொல்லின்கீழ் விளக்கத்தை வைப்பது என்பது அடுத்த கேள்வி. வேலை செய்கிறவர் வாயில் வரும் சொல்லின்கீழ் வைக்க வேண்டும். "மின்தடங்கல் காப்பான்" என்று யாரும் தேடப்போவதில்லை. பாடப்புத்தகச் சொல்லும் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் "எர்த் பார்க்க" என்ற அளவில் நின்றால் போதும். விளக்கத்தை இரண்டு இடத்திலும் எழுதினால் அடுத்த பதிப்பில் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவோம்.

அகரவரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துகளின் யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் ற, ரவுக்கு அடுத்தும், ழ, ளவுக்குப் பின்னும், ஜ, சவுக்கு அடுத்தும் வந்து நிற்கும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கெல்லாம் பின்னால் போய்விடும். நம் அகராதிகளில் க் முதலில், பிறகு க, கா. கிரந்த எழுத்துகள் ன வரிசைக்கும் பிறகு. வயரிங் புத்தகத்திலோ ஷார்ட், ஹோல்டர், ஸ்டார்ட்டர் என்று கிரந்தத்தில் தொடங்கும் சொற்கள் நிறைய. ஆகவே வரிசைப்படுத்திய பட்டியலை ஒருவர் கண்ணால் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும்.

இனி உடனடிக் குறிப்பு. இதன் இடம் பின்னட்டையின் உள்பக்கம். தேடாமலே கிடைக்கும் இடம் அது. இங்கே நடக்கும் பெரிய பிழை, அட்டவணையை ஒயரின் கனத்தில் தொடங்குவது. ஒயர் கம்பெனிக் கேட்லாக் அப்படி இருப்பதால் ஆசிரியரும் அப்படியே எழுதிவிடுகிறார். ஆனால் ஏணியில் நிற்பவர் கையில் இருப்பது கீசர். அதன் மேல் 2000 வாட் என்று ஒட்டியிருக்கிறது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒயர். ஆகவே முதல் கட்டத்தில் பொருளும் வாட்டும் வர வேண்டும். அடுத்து ஆம்பியர், பிறகு ஒயர், கடைசியில் எம்சிபி. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி. கணக்கைப் பாடத்தில் விளக்கிவிட்டு, அட்டவணையில் விடையை மட்டும் வைக்கலாம்.

அந்த விடை எந்த நிலையில் செல்லும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். செம்புக் கம்பி, பைப்புக்குள் போனது, ஒரு லைனில் ஒரு கீசர் மட்டும் என்று எழுத வேண்டும். பழைய வீடுகளில் அலுமினியக் கம்பி இருக்கலாம். அதே கனத்தில் அது செம்பு அளவு கரண்டைத் தாங்காது. "விவரம் நான்காம் பாடத்தில்" என்று எழுதினால் ஏணியில் நிற்பவர் பார்க்கப்போவதில்லை.

நிறங்களுக்குத் தனி இடம் கொடுங்கள். நம் வீட்டு வயரிங்கின் பழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் மிக்சி, அயர்ன் பாக்ஸ் கார்டில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், மஞ்சள் கோடு போட்ட பச்சை எர்த். ஆக, சுவரில் பேஸாக இருக்கும் நீலம் கார்டில் நியூட்ரல். இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, "வீட்டு லைன்", "பொருளின் கார்டு" என்ற தலைப்புகளோடு வர வேண்டும். நிறத்தைப் படமாகப் போட்டு விட்டுவிடாமல் பெயராகவும் எழுதுங்கள். செல்போன் வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும்.

கடைசியாகக் கோளாறு அட்டவணை. இதைக் காரணத்தில் தொடங்கக் கூடாது, கண்ணில் படும் அறிகுறியில் தொடங்க வேண்டும். சுவிட்ச் போட்டதும் எம்சிபி விழுந்தால் ஷார்ட்டாக இருக்கலாம். சற்று நேரம் ஓடிப் பிறகு விழுந்தால் ஓவர்லோடு. இந்த வரியின் பக்கத்திலேயே, "பெரிய எம்சிபி மாட்டாதே, சுவருக்குள் ஒயர் எரியும்" என்று எழுத வேண்டும். அங்கேதான் பலர் 16ஐக் கழற்றி 32 போடுகிறார்கள். த்ரீ பேஸ் வீட்டில் ஓர் அறையில் பல்பு மங்கி இன்னோர் அறையில் அளவுக்கு மேல் எரிந்தால், பொது நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அதற்கு முதல் வரி விளக்கமாக இருக்கக் கூடாது. "உடனே மெயினை அணை" என்பதே முதல் வரி.

அச்சுக்கு அனுப்பும் முன் புரூப்பை, புத்தகத்தைப் படிக்காத ஒரு மாணவரிடம் கொடுங்கள். "ஏசி லைனில் எம்சிபி விழுகிறது, என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். அவர் முதலில் எந்தச் சொல்லைத் தேடுகிறாரோ, அது பட்டியலில் இல்லையென்றால் சேருங்கள். பிறகு பின்னட்டையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் பாடத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பாடத்தில் ஒன்றும் அட்டையில் வேறொன்றும் இருந்தால், வேலை செய்கிறவர் நம்பப்போவது அட்டையைத்தான்.