குடும்பக் கடையில் செய்த வேலையைச் சுயவிபரக்கோவையில் எழுதுவது எப்படி?

நகரத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் எமது பிள்ளைகள் பலரின் சுயவிபரக்கோவையில் "தொழில் அனுபவம்" என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அல்லது "தந்தையின் கடையில் உதவி செய்தேன்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அந்தக் கடையை எட்டு வருடம் தாங்கி நடத்தியவரும் இதே வரியைத்தான் எழுதுகிறார், விடுமுறையில் இரண்டு மாதம் கல்லாவில் இருந்தவரும் இதைத்தான் எழுதுகிறார். வவுனியாவிலோ கொழும்பிலோ இருந்து அதைப் படிக்கும் முகாமையாளருக்கு இருவருக்கும் இடையிலான வேறுபாடு தெரிய வழியில்லை. அவர் உங்கள் ஊரையும் அறியார், கடையையும் பார்த்ததில்லை.

அவர் அறிய விரும்புவது மூன்று விடயங்களை: கடை எவ்வளவு பெரியது, அதில் எந்த வேலை உங்கள் பொறுப்பில் இருந்தது, அதை யாரிடம் கேட்டு உறுதிப்படுத்தலாம். இந்த மூன்றுக்கும் விடை எழுதும் முறையை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

உதாரணம்

கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் மீள்குடியேறிய குடும்பம் ஒன்று பலசரக்குக் கடை வைத்திருந்தது. மூத்த மகள் 2012 முதல் பாடசாலை முடிந்து வந்து கடையில் நின்றார். உயர்தரம் எழுதிய பின், 2015 இல் தந்தை நோயுற்றதால், கொள்வனவும் கணக்கும் அவர் கைக்கு வந்தன. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கணக்குக் கொப்பிகள் அழிந்தன. அடுத்த வருடம் கடை மூடப்பட்டது. இப்போது அவர் வவுனியாவில் உள்ள ஒரு விற்பனை நிலையத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அவரது பழைய சுயவிபரக்கோவையில் இருந்தது இவ்வளவுதான்: "2012–2019: தந்தையின் பலசரக்குக் கடையில் உதவியாளர்."

கொப்பி இல்லாமல் கணக்கை மீட்பது

கணக்குக் கொப்பி போய்விட்டால் தொகைகளும் போய்விட்டன என்று நினைக்க வேண்டாம். கடை நடத்தியவரின் நினைவில் தொகை இருக்காது, ஆனால் பழக்கம் இருக்கும். பழக்கத்திலிருந்து தொகையைக் கணக்கிடலாம். ஒரு தாளை எடுத்து, கடையில் இருந்த பெற்றோர், சகோதரர்களையும் அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் பொருட்களின் எண்ணிக்கை. இவரது கடையில் நான்கு அலுமாரிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டுகள். ஒரு தட்டில் பதினைந்து வகை அளவில் இருந்தன. நான்கு, ஐந்து, பதினைந்து ஆகியவற்றைப் பெருக்கினால் 300 வகைப் பொருட்கள்.

அடுத்தது கொள்வனவு. செவ்வாயும் வெள்ளியும் கிளிநொச்சி நகரத்து மொத்த வியாபாரியிடம் போவார். ஒரு தடவையில் அரிசி மட்டும் 25 கிலோ மூடை எட்டு வரும். அப்படியானால் வாரத்துக்கு 400 கிலோ, மாதத்துக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல். ஒரு தடவைக்கான பில் 2018 இல் சுமார் 55,000 ரூபா. மாதத்தில் எட்டுத் தடவை என்றால் 440,000 ரூபா. பிஸ்கற், சவர்க்காரம், பால்மா போன்றவற்றைக் கம்பனி வாகனங்கள் நேரே கொண்டுவந்து போடும். அவற்றுக்கு மாதம் ஏறத்தாழ 100,000 ரூபா. மொத்தக் கொள்வனவு 540,000 ரூபா.

பிறகு விற்பனை. இரவில் காசுப் பெட்டியை எண்ணியவர் அவர்தான். கடன் கொப்பியில் எழுதியதையும் சேர்த்தால், சாதாரண நாளின் விற்பனை சுமார் 20,000 ரூபா என்பது அவருக்கு நினைவிருக்கிறது. மாதத்துக்கு 600,000 ரூபா.

இப்போது இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனைக்கும் கொள்வனவுக்கும் இடையில் 60,000 ரூபா, அதாவது விற்பனையில் பத்தில் ஒரு பங்கு. பலசரக்குக் கடைக்கு இது நம்பக்கூடிய இலாபம். கொள்வனவு விற்பனையை விடக் கூடுதலாக வந்திருந்தாலோ, இலாபம் விற்பனையில் பாதி என்று வந்திருந்தாலோ, எங்கோ நினைவு பிசகியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது திரும்ப யோசியுங்கள். இரண்டு வழியில் கணக்கிட்டுப் பொருந்தி வந்த தொகையையே சுயவிபரக்கோவையில் எழுத வேண்டும். முன்னால் "சுமார்" என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும்.

ரூபாத் தொகையை எழுதும்போது வருடத்தையும் எழுதுங்கள். 2022 நெருக்கடியில் விலைகள் பெருமளவு ஏறின. ஆகவே 2018 இன் 600,000 ரூபா இன்று படிப்பவருக்குச் சிறிய தொகையாகத் தோன்றும். பொருள் வகைகள், மூடைகள், வாடிக்கைக் குடும்பங்கள் போன்ற எண்ணிக்கைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2009 க்கு முன் கடை வைத்திருந்தவர்கள் ரூபாவை விட்டு, இப்படியான எண்ணிக்கைகளையே எழுதுவது நல்லது.

"நாங்கள்" என்பதைப் பிரிப்பது

குடும்பக் கடையில் எல்லோரும் எல்லாம் செய்வார்கள். அதனால் "நாங்கள் வாங்கினோம், விற்றோம்" என்றே பேசிப் பழகிவிட்டோம். வேலைக்கு எடுப்பவருக்கு உங்கள் கை பட்ட பகுதி தனியாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நான் ஒரு கிழமை கடைக்கு வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?

இவர் வராவிட்டால் கொள்வனவுப் பட்டியல் நிற்கும், இரவுக் கணக்கு நிற்கும், கடன் கொப்பி நிற்கும். மூடை ஏற்றி இறக்கியதும் பாண் எடுத்து வந்ததும் தம்பி. அவற்றை இவர் எழுதக்கூடாது.

இந்த மூன்று வேலைகளுக்கும் நகரத்தில் வேறு பெயர்கள் உண்டு. எது முடிகிறது என்று பார்த்துப் பட்டியல் எழுதியது கையிருப்புக் கட்டுப்பாடு. திகதி முடியப் போகும் பொருளை முன்னுக்கு வைத்ததும், கம்பனி வாகனம் வரும்போது மாற்றிக் கொடுத்ததும் அதில் அடங்கும். பெட்டிக் காசை எண்ணிக் கொப்பியுடன் ஒப்பிட்டது காசாளர் வேலை. கடன் கொப்பியில் 45 குடும்பங்களுக்குப் பக்கம் வைத்து, சம்பள நாளிலும் அறுவடைக் காலத்திலும் பணம் பெற்றது கடன் கணக்குப் பராமரிப்பு. கடன் கொப்பியைச் சிறிய விடயமாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று தீர்மானித்து, முரண்படாமல் திருப்பி வாங்குவது எந்த வியாபார நிறுவனத்துக்கும் தேவைப்படும் திறமை.

புதிதாக எழுதியபின்

இவரது அனுபவப் பகுதி இப்போது இப்படி இருக்கும்:

> பலசரக்குச் சில்லறைக் கடை (குடும்ப வியாபாரம்), கிளிநொச்சி மாவட்டம்
> 2015–2019 முழுநேரம்: கொள்வனவுக்கும் கணக்குக்கும் பொறுப்பு
> – சுமார் 300 வகைப் பொருட்களின் கையிருப்பை வாரம் இருமுறை சரிபார்த்து, கொள்வனவுப் பட்டியல் தயாரித்து, மொத்த வியாபாரியிடம் கொள்வனவு செய்தேன்.
> – நாளாந்த விற்பனைக் காசை எண்ணிக் கணக்கு முடித்தேன். மாத விற்பனை சுமார் 600,000 ரூபா (2018).
> – 45 வாடிக்கைக் குடும்பங்களின் கடன் கணக்கைப் பராமரித்து, பணம் அறவிட்டேன்.
> – திகதி முடியும் பொருட்களைப் பிரித்து, விநியோகத்தரிடம் மாற்றிப் பெற்றேன்.
> 2012–2014 பகுதிநேரம்: பாடசாலைக்குப் பின் நாளுக்கு சுமார் 3 மணித்தியாலம் விற்பனை உதவி.

இதில் "முகாமையாளர்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பதவியை எழுதினால், நேர்முகப் பரீட்சையில் "உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்தார்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். "தம்பி மட்டும்" என்று சொல்ல நேர்ந்தால் மீதி வரிகள் மீதும் சந்தேகம் விழும். பதவியைப் பெரிதாக்காமல் பொறுப்பைச் சொல்வதே பாதுகாப்பானது. "300 வகை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் அலுமாரிக் கணக்கைச் சொல்லலாம். விளக்கிச் சொல்ல முடியாத தொகை எதையும் எழுதாதீர்கள்.

தனியார் நிறுவனங்கள் பல ஆங்கிலத்தில் சுயவிபரக்கோவை கேட்கும். முதலில் தமிழில் எழுதி முடித்து, பிறகு தெரிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பியுங்கள். மொழிபெயர்த்தபின் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பொருள் கேளுங்கள். உதவி செய்பவர் நல்லெண்ணத்தோடு பெரிய சொற்களைச் சேர்த்துவிடுவதுண்டு. அவற்றுக்கு நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

யார் உறுதிப்படுத்துவார்?

சுயவிபரக்கோவையின் முடிவில், உங்களை அறிந்த, உறவினரல்லாத இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுவது வழக்கம். குடும்பக் கடையில் வேலை செய்தவர்களுக்கு இதுதான் கடினமான பகுதி, ஏனெனில் முதலாளியே தந்தை. கிராம அலுவலர் தரும் நற்சான்றிதழ் உங்கள் வதிவிடத்துக்கும் நன்னடத்தைக்கும் உதவும். நீங்கள் கணக்குப் பார்த்தீர்கள் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் வேலையை உண்மையில் பார்த்தவர்கள் கடைக்குப் பொருள் தந்தவர்கள்தான். வாரம் இருமுறை உங்களிடம் காசு வாங்கிய மொத்த வியாபாரியும், கடைக்கு வந்து கட்டளை எடுத்த விற்பனைப் பிரதிநிதியும் நல்ல சாட்சிகள். முன்கூட்டியே பேசி அவர்களின் சம்மதத்தைப் பெறுங்கள். எந்த வருடத்திலிருந்து, எதற்காக நீங்கள் வந்து போனீர்கள் என்பதையும் நினைவூட்டுங்கள்.

கடை இருந்தது என்பதற்கு வியாபாரப் பெயர்ப் பதிவோ பிரதேச சபையின் வியாபார உரிமமோ சான்றாகும். அது தந்தையின் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. பத்திரம் தொலைந்திருந்தால் வியாபாரப் பதிவுக்குப் பிரதேச செயலகத்திலும், உரிமத்துக்குப் பிரதேச சபையிலும் பிரதி கேட்டுப் பாருங்கள். பதிவே செய்யாத கடையென்றால், பொருள் தந்தவரின் கடிதமே போதுமான சான்று.

பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு

வெல்டிங், தச்சு, வாகனத் திருத்தம் போன்ற பட்டறை வேலைகளுக்கும் இதே முறைதான். மாதத்துக்கு எத்தனை கேற், எத்தனை யன்னல் கிறில் முடித்தீர்கள், எந்த இயந்திரங்களில் வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் அளவெடுத்து, இரும்பு எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு, விலை சொன்னவர் நீங்களென்றால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். ஒட்டத் தெரிந்தவர் பலர் இருப்பர், மதிப்பீடு செய்யத் தெரிந்தவர் குறைவு. செய்த பொருட்களின் படங்கள் ஐந்தாறு கைபேசியில் இருக்கட்டும். இப்போதும் ஊரில் நிற்கும் கேற்றைப் போய்ப் படமெடுக்கலாம்.

கைத்தொழிலாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. பயிற்சி நெறி படிக்காமலே, செய்துவந்த வேலையை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. இதனை "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்பார்கள். மதிப்பீட்டாளர் முன் நீங்கள் வேலையைச் செய்து காட்ட வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் உங்கள் தொழிலுக்கு இம்மதிப்பீடு எப்போது நடைபெறும் என்று விசாரியுங்கள். போகும்போது இந்தக் கட்டுரையின்படி எழுதிய அனுபவப் பக்கத்தையும் படங்களையும் கொண்டு செல்லுங்கள். அங்கும் முதலில் கேட்கப்படுவது, எத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான்.